“சரக்கு குறையுது” என்று மட்டும் தகவல் வந்தால்: எண்ணிக்கைப் பதிவும் போட்டோவும் கேட்டுப் பதில் எழுதுவது பற்றிய கேள்விகள்

மதுரை விளக்குத்தூண் பகுதியிலிருந்து வெளியூருக்குச் சுங்குடி, காட்டன் சேலைகளை லாரி பார்சலில் அனுப்பும் மொத்த வியாபாரக் கடைகளுக்காக எழுதியது. முழுக்க ஒரே உதாரணத்தை வைத்தே பேசுகிறோம். கோயம்புத்தூர் கடை ஒன்றுக்கு 4 அட்டைப்பெட்டியில் 200 சேலை போகிறது. பெட்டிக்கு 50 உருப்படி, பத்துப் பத்தாகக் கட்டிய 5 கட்டு. சேலை ஒன்று 600 ரூபாய்.

“12 சேலை குறையுது, கழிச்சுக்கறோம்”னு வாட்ஸ்அப்ல ஒரே வரி வந்திருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

அன்றைக்கே இரண்டு வரி பதில் போட்டுவிடுங்கள்: “தகவல் பார்த்தோம் ஐயா. எங்கள் பேக்கிங் பதிவைச் சரிபார்த்து நாளைக் காலை எழுதுகிறோம். அதுவரை பெட்டிகளையும் சேலைகளையும் அப்படியே வைத்திருங்கள்.” முக்கியமானது அந்தக் கடைசி வரிதான். காலிப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டால் பாதி ஆதாரம் அதோடு போய்விடும். துணிக்கடையில் காலிப் பெட்டி ஒரு நாளுக்கு மேல் தங்காது.

அடுத்து உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பேக்கிங் சீட்டில் எந்தப் பெட்டிக்கு எந்த நிறம் எத்தனை என்று இருக்கிறதா? கட்டியவர் யார், எண்ணியவர் யார்? குடோனில் அதே நிறத்தில் கையிருப்பு எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது? இந்தக் கடைசிக் கணக்கை நேரில் எண்ணிப் பார்க்காமல் பார்ட்டியிடம் ஆதாரம் கேட்காதீர்கள். உங்கள் அலமாரியிலேயே 12 சேலை கூடுதலாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைக்க வேண்டியதுதான். ஆதாரம் கேட்டு ஒரு வாரம் இழுத்தடித்த பிறகு அது தெரிய வந்தால், அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பார்ட்டி நம்பமாட்டார்.

ஆதாரம் கேட்டா பார்ட்டி கோவிச்சுக்குவாங்களே, பல வருஷப் பழக்கம்?

கோபம் வருவது, கேட்கும்போது “நீங்கள் சொல்வதை நம்பவில்லை” என்ற தொனி வந்தால்தான். அதைத் தவிர்க்க ஒரே வழி, நம் பதிவை முதலில் நீட்டுவது. பேக்கிங் சீட்டின் போட்டோ, பார்சல் ஆபீஸ் புக்கிங் ரசீதான எல்.ஆரின் நகல், பெட்டி ஒட்டியபின் எடுத்த படம் இருந்தால் அது, இவற்றை அனுப்பிவிட்டு, “இதோடு ஒப்பிட உங்கள் எண்ணிக்கை வேண்டும்” என்று கேளுங்கள். இரண்டு பேர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்களிடம் காட்டப் பதிவே இல்லையென்றால், அவர்களிடம் கறாராகக் கேட்கும் தகுதியும் உங்களுக்குக் குறைவு. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அப்போது தொனியைத் தணித்து, “எந்தப் பெட்டியில் குறைந்தது என்று தெரிந்தால் எங்கள் ஆட்களிடம் விசாரிக்க வசதியாக இருக்கும்” என்ற அளவில் கேளுங்கள்.

போனில் பேசுவதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதை எழுத்தில் கேளுங்கள். “அண்ணே, ஒரு மெயில் போட்டிருக்கேன், அதுல இருக்கிறத மட்டும் அனுப்பிவிடுங்க” என்று சொன்னால் போதும். போனில் விவாதம் செய்தால் எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். காலையில் 12, மாலையில் “பதினஞ்சு பதினாறு இருக்கும்” என்று ஆகிவிடும்.

பதில் கடிதம் எப்படி இருக்கணும்? மாதிரி ஒண்ணு குடுங்க.

நீளம் வேண்டாம். நம் கணக்கு, அவர்களிடம் வேண்டியது, நாள், வந்தபின் நாம் செய்யப்போவது, இந்த வரிசையில் போனால் சரி.

> ஐயா, வணக்கம்.
>
> இந்த எண் பில்லில் அனுப்பிய 4 பெட்டிகளில் 12 சேலை குறைவதாகத் தெரிவித்திருந்தீர்கள். எங்கள் பேக்கிங் பதிவின்படி பெட்டிக்கு 50 வீதம் 200 சேலை சென்றுள்ளது. பேக்கிங் சீட்டு, எல்.ஆர். நகல், பெட்டிவாரி எடை மூன்றையும் இணைத்துள்ளோம். குடோன் கையிருப்பையும் எண்ணினோம். அதில் கூடுதல் இல்லை.
>
> எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிக்கக் கீழ்க்கண்டவை தேவை:
>
> 1. பெட்டிவாரியாக, நிறவாரியாக நீங்கள் எண்ணிய கணக்கு. எண்ணியவர் பெயர், தேதி, நேரம்.
> 2. நான்கு பெட்டிகளின் படம்: லேபிள், மேல் மூடி, அடிப்பக்கம், ஒட்டிய டேப் தெரியும்படி.
> 3. குறைவு தெரிந்த பெட்டியின் சேலைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, மடிப்பு முனை தெரியும்படி ஒரு படம்.
> 4. டெலிவரி எடுத்தபோது கையெழுத்திட்ட எல்.ஆர். நகல்.
>
> வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால், பார்சல் ஆபீஸிலும் விசாரித்து, கிடைத்த நாளிலிருந்து 3 வேலை நாளுக்குள் முடிவைத் தெரிவிக்கிறோம். அதுவரை இந்த 12 சேலைக்கான தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதி 188-க்கான தொகையை வழக்கமான தவணையில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 12 சேலையின் விலை வரியோடு 7,560 ரூபாய். அதற்காக 1,26,000 ரூபாய் பில் முழுவதும் நின்றுவிடக்கூடாது. “12-க்கு மட்டும் நிறுத்துங்கள்” என்று நாமே சொல்லிவிட்டால், மீதியை நிறுத்த அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போகிறது. தகராறுக்குரியது இவ்வளவுதான் என்ற எல்லையும் எழுத்தில் விழுந்துவிடுகிறது.

எழுதக்கூடாதது ஒன்று உண்டு. “குறைவுக்கு வருந்துகிறோம்” என்று தொடங்காதீர்கள். குறைந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாக அது படிக்கப்படும். “தெரிவித்திருந்தீர்கள்” என்பதே சரியான சொல்.

எண்ணிக்கைப் பதிவுன்னு கேட்டா “மொத்தம் 188”னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புறாங்க. அது போதுமா?

போதாது. மொத்தத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டிவாரிக் கணக்கு வந்தால்தான் குறைவுக்கு ஒரு முகம் கிடைக்கிறது, அந்த முகம்தான் வழி காட்டுகிறது.

நான்கு பெட்டியிலும் 47, 47, 47, 47 என்று வந்தால் திருட்டை நினைக்காதீர்கள். நான்கு பெட்டியிலும் சமமாக மூன்று மூன்று எடுக்கும் திருடன் இல்லை. அது பெரும்பாலும் எண்ணும் முறையில் வந்த பிழை. புதுக் கஞ்சி போட்ட காட்டன் சேலை இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே நிற்கும். மேலிருந்து விரலால் தட்டி எண்ணினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மடிப்பு முனைப் பக்கம் திருப்பிவைத்து எண்ணினால் சேலைக்கு ஒரு முனை என்று தெளிவாகத் தெரியும். எதிர்ப்பக்கம் ஓரங்கள் பலவாகத் தெரிவதால் அங்கே எண்ணுவதும் தப்பாகும். இப்படிப்பட்ட கணக்கு வந்தால், மறுபடி மடிப்பு முனையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். பாதி விவகாரம் அங்கேயே தீரும்.

ஒரே பெட்டியில் சரியாக 10 குறைந்தால் சந்தேகம் முதலில் நம் பக்கம்தான் திரும்ப வேண்டும். நாம் கட்டுவது பத்துப் பத்து. ஒரு கட்டு மேசையிலேயே தங்கிவிட்டது என்றே முதலில் வைத்துக்கொண்டு குடோனை மறுபடி எண்ணுங்கள்.

நம் உதாரணத்தில் வந்த கணக்கு 50, 50, 38, 50. நிறவாரியாகப் பார்த்தால் மூன்றாவது பெட்டியில் கருநீலம் 10 சரியாக இருக்கிறது, அரக்கு மட்டும் 40-க்குப் பதில் 28. ஒரே பெட்டி, ஒரே நிறம், கட்டுக் கணக்கில் அடங்காத எண். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அந்தக் கடையிலேயே எண்ணும் முன்பு யாரோ அரக்கு நிறத்தைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கவோ, காத்திருந்த வாடிக்கையாளருக்குக் காட்டவோ எடுத்திருக்கலாம். இதை நேராகக் கேட்கலாம், தவறில்லை: “எண்ணும் முன் டிஸ்பிளேக்கு ஏதாவது எடுத்தார்களா என்று ஒருமுறை பார்க்கவும்.” மற்றொன்று, வழியில் பெட்டி பிரிக்கப்பட்டிருக்கலாம். எது என்பதைச் சொல்லப்போவது படம்.

எண்ணிய நேரத்தைக் கேட்பதும் இதற்காகத்தான். செவ்வாய் டெலிவரி எடுத்து வெள்ளிக்கிழமை எண்ணியிருந்தால், நடுவில் மூன்று நாள் பெட்டி யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

போட்டோ கேட்டா அடுக்கி வெச்ச சேலைய ஒரு படம் எடுத்து அனுப்புறாங்க. அதுல என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. இல்லாத சேலையைப் படம் எடுக்க முடியாது. அதனால் குறைவுக் கோரிக்கையில் சேலையின் படத்தைவிடப் பெட்டியின் படமே பேசும்.

லேபிளில் “4-ல் 3” என்பது தெரிய வேண்டும், எந்தப் பெட்டி என்பதில் பிறகு குழப்பம் வராது. அடுத்து மேல் மூடி. அதைவிட முக்கியம் அடிப்பக்கம். பெட்டியைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் மேலே கைவைப்பதில்லை, கவிழ்த்து அடிமூடியைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்கள். நீங்கள் கடைப் பெயர் அச்சடித்த டேப் போடுகிறவர் என்றால் படத்தில் இதைத் தேடுங்கள்: அச்சு டேப் நடுவில் நீளமாகக் கீறப்பட்டு, அதன் மேல் வெறும் டேப் ஒன்று ஓடுகிறதா? பழைய டேப்பைப் பிய்த்தால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து உரிந்து, உள்ளே நெளிவான காகிதம் தெரியும். அந்த உரிந்த இடத்தின் மேல் புது டேப் ஒட்டியிருந்தால், பெட்டி இரண்டாவது முறை மூடப்பட்டது என்று பொருள். கடையில் பிரிப்பவர் மறுபடி ஒட்டிவைக்கமாட்டார்.

நம் மூன்றாவது பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது இதுதான். மேல் மூடியில் ஒரே வெட்டு, அது கடையில் பிரித்தது. அடியில் அச்சு டேப்பின் மேல் வெறும் டேப்.

படத்தைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் போட்டால் அது சுருங்கி, எடுத்த நேரம் முதலான விவரங்களும் கழன்றுவிடும். “டாக்குமென்டாக அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள், அல்லது மெயிலில் கேளுங்கள். டேப்பின் விளிம்பு தெரியுமளவுக்குத் தெளிவு வேண்டுமென்றால் இது அவசியம்.

எடைய வெச்சே சொல்லிடலாமே, போட்டோ எதுக்கு?

பெரிய குறைவுக்கு எடை நல்ல சாட்சி, சின்னக் குறைவுக்கு ஆகாது. நம் சேலை ஒன்று சராசரி 450 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது சேர்ந்து 22.5 கிலோ, பெட்டியும் டேப்பும் 1.2 கிலோ, ஆக 23.7 கிலோ. பன்னிரண்டு குறைந்தால் 5.4 கிலோ இறங்கி 18.3 ஆகும். அனுப்பும்போது நம் தராசில் மூன்றாவது பெட்டி 23.7 காட்டியிருந்தால், 38 சேலையோடு அது கிளம்பியிருக்க முடியாது.

ஒரு சேலை குறைவு என்று வந்தால் இந்தக் கணக்கை எடுக்காதீர்கள். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் குடோனில் கிடந்த சரக்குக்கும் சித்திரை வெயிலில் கிடந்ததற்கும் எடை வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு இருந்தாலே, ஒரு பெட்டியில் அது 450 கிராம். அதாவது ஒரு முழுச் சேலை. கஞ்சியின் அளவும் மாறும். ஒன்றிரண்டு உருப்படிக்கு எண்ணிக்கையே வழி.

எல்.ஆரில் எழுதிய எடையை நம்பி வாதம் செய்யும்முன் அது எப்படி வந்தது என்று பாருங்கள். பல பார்சல் ஆபீஸில் தராசில் ஏற்றாமல் பெட்டிக்கு 25 கிலோ என்று போட்டு, நான்குக்கு 100 என்று எழுதிவிடுவார்கள். அது கூலி போடும் எடை, நிஜ எடை இல்லை. தராசில் நிறுத்து 95 என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு மூன்றாம் ஆள் சாட்சி.

டெலிவரி எடுத்தப்ப எல்.ஆர்ல ஒண்ணும் எழுதாம கையெழுத்து போட்டுட்டாங்க. பார்சல்காரங்ககிட்ட கேக்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் பலம் குறைவு. கையெழுத்துப் போட்ட தாளில் “நான்கு பெட்டி பெற்றோம்” என்பதைத் தவிர எதுவும் இல்லையென்றால், பெட்டி நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தது என்று அவர்கள் சொல்வார்கள். “3-ம் பெட்டி அடியில் மறு டேப்” என்று ஐந்து சொல் எழுதியிருந்தால் நிலைமையே வேறு. லோடுமேன் அவசரப்படுத்தும் அந்த ஒரு நிமிடத்தில் இதை எழுதவேண்டியது பார்ட்டியின் வேலை. பில்லின் அடியில் இதை ஒரு குறிப்பாக அச்சடித்துவிடலாம்.

படம் கிடைத்ததும் பார்சல் ஆபீஸுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு, அவர்கள் பொறுப்பு பொதுவாகக் கூலியின் 10 மடங்கோடு நிற்கும். நான்கு பெட்டிக்குக் கூலி 500 ரூபாய் என்றால் 5,000 ரூபாய்தான் உச்சம், நம் குறைவு 7,560. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எவ்வளவு அலையலாம் என்று முடிவு செய்யுங்கள்.

பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டாச்சு, சரக்கும் அலமாரில ஏறிடுச்சு, போட்டோவே இல்லைங்கிறாங்க. அப்ப?

உடனே “முடியாது” என்று எழுதாதீர்கள். இன்னும் கிடைக்கக்கூடிய பதிவுகள் உண்டு: அவர்கள் சரக்கு வரவுப் புத்தகத்தில் அன்றைக்கு எழுதிய எண், பார்கோடு ஒட்டியிருந்தால் அச்சடித்த ஸ்டிக்கர் எண்ணிக்கை, பிரித்த இடத்தில் இருந்த கேமரா பதிவு. ஸ்டிக்கர் கணக்கு நல்ல சாட்சி. சேலைக்கு ஒன்று அடித்தாக வேண்டும், யாரும் அதை இந்தத் தகராறுக்காக அடிப்பதில்லை. அரக்குக்கு 40 ஸ்டிக்கர் அடித்திருந்தால் 40 வந்திருக்கிறது. 28 அடித்திருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் அதை முதல் நாளே கேளுங்கள்.

எதுவுமே இல்லையென்றால், நம் பதிவை எடுத்துவைத்து, “இப்போதைய நிலையில் இந்தக் கோரிக்கையை ஏற்க வழியில்லை; பதிவு ஏதும் கிடைத்தால் திறந்து பார்க்கிறோம்” என்று எழுதுங்கள். பழைய பார்ட்டி, முதல் முறை என்றால் பாதியை ஏற்பது என்று முதலாளி முடிவெடுக்கலாம். அப்படிச் செய்தால் “வியாபார உறவுக்காக, இந்த ஒருமுறை” என்று எழுத்தில் போடுங்கள். காரணம் எழுதாமல் கொடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

பதில் வர்றதுக்கு முன்னாடியே பணத்துல கழிச்சுட்டு மீதிய போட்டுட்டாங்க. கணக்குல எப்படிக் காட்டறது?

வந்த பணத்தை வரவு வைத்து, 7,560 ரூபாயை அந்தப் பில்லின் மேல் பாக்கியாகவே நிறுத்துங்கள். தள்ளுபடி என்று எழுதி மூடாதீர்கள். “பெற்றோம், 7,560 நிலுவை, உங்கள் எண்ணிக்கைப் பதிவுக்குக் காத்திருக்கிறோம்” என்று ரசீதோடு ஒரு வரி அனுப்புங்கள்.

எல்லாம் வந்தாச்சு, குறைஞ்சது நிஜம்தான்னு தெரியுது. இனி?

நம் பேக்கிங்கில் பிழை என்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. 12 சேலைக்குக் கிரெடிட் நோட் போடுங்கள்: 7,200, அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 360. மூலப் பில்லின் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வரியைக் குறைத்துக் காட்ட வேண்டுமானால், அந்தப் பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் ரிட்டர்னில் ஏற்றியாக வேண்டும். பார்ட்டி பணத்துக்குப் பதில் சேலையே கேட்டால், கிரெடிட் நோட் போட்டுவிட்டுப் புதுப் பில்லில் 12 அனுப்புவதே சுத்தம். பில் இல்லாமல் “போன தடவை குறைஞ்சது” என்று அடுத்த பெட்டிக்குள் சொருகி அனுப்பினால், அந்தப் பெட்டியின் எண்ணிக்கையும் கெட்டு, அடுத்த தகராறு அங்கே பிறக்கும்.

நம் உதாரணம் அப்படி இல்லை. எடை, படம் இரண்டும் வழியில் பிரிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதிப்படி, வாங்குபவருக்குக் கொண்டுசேர்க்கச் சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைப்பதே அவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. லாரி சர்வீஸைத் தேர்ந்தெடுத்தது பார்ட்டி, கூலியும் அவர்களுடையது என்றால் இந்த நிலை நமக்குச் சாதகம். லாரியை நாமே தேர்ந்தெடுத்து, “கடை வரை எங்கள் பொறுப்பு” என்று விற்றிருந்தால் நஷ்டம் நம்முடையது. ஆர்டர் போட்டபோது என்ன பேசினோம் என்று எழுதிவைத்த தாள்தான் இங்கே கைகொடுக்கும். பார்ட்டியின் பொறுப்பு என்றே முடிவானாலும், பார்சல் ஆபீஸ் நோட்டீஸுக்கு வேண்டிய சீட்டு, எடை, படம் எல்லாவற்றையும் அவர்களுக்குச் சேர்த்துக் கொடுங்கள். புக்கிங் ரசீது நம் பெயரில் இருப்பதால், விசாரணைக்கு நாம் போனால்தான் அங்கே பேச்சு நகரும்.

பதிவு அனுப்புறேன்னு சொல்லியே நாள் தள்ளுறாங்க. எத்தனை தடவை நினைவுபடுத்தலாம்?

இரண்டு தடவை. முதல் கடிதத்தில் கொடுத்த நாள் தாண்டியதும் ஒன்று, இன்னும் ஐந்து வேலை நாளுக்குப் பிறகு ஒன்று. இரண்டாவதில், “இந்தத் தேதிக்குள் வராவிட்டால் பில் தொகையை முழுமையாக நிலுவையில் காட்டுவோம்” என்று எழுதி, பழைய கடிதத்தையும் இணையுங்கள். அதற்குப் பிறகு அடுத்த ஆர்டர் வரும்போது முதலில் இதைப் பேசிவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.